‘அக்கா பிள்ளை’ எப்படி ‘சிஸ்டர்ஸ் சைல்ட்’ ஆனது: ஒரு குடும்ப ஓய்வூதிய மனுவின் ஆங்கிலப் பிரதி

மனுதாரர் எழுபதைத் தாண்டிய ஒரு கிராமத்து அம்மா. அவர் கணவர் 1964ல் ராணுவத்தில் சேர்ந்து, 1981ல் நாயக் பதவியில் இருந்து ஓய்வு பெற்று, 2017ல் இறந்துபோனார். கணவர் இருந்தவரை பேங்கில் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது, இறந்த பிறகு நின்றுவிட்டது. குடும்ப ஓய்வூதியம் இந்த அம்மாவுக்கு வரவேண்டும், ஆனால் டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி என்று இருப்பது வேறொரு பெயர். இதுதான் சிக்கல். ஊர், பெயர், அலுவலகம் எதையும் சொல்லப் போவதில்லை, அது இங்கே தேவையும் இல்லை.

இப்படிப்பட்ட மனு மாவட்ட அளவில் இருக்கும்வரை தமிழிலேயே ஓடும். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கணவரின் பணிப் பதிவேடு இருப்பது அவர் வேலை செய்த பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில், அது வெளிமாநிலத்தில் இருக்கிறது. அங்கே கோப்பைப் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலப் பிரதியை மட்டும்தான் படிப்பார், அதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், பொருந்தினால் ஓய்வூதியம் வழங்கும் பிரயாக்ராஜ் அலுவலகத்துக்குப் பரிந்துரை போகும், பொருந்தாவிட்டால் ஒரு கேள்விக் கடிதம் திரும்பி வரும். இந்த அம்மாவுக்குக் கேள்விக் கடிதம் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் என்னிடம் வந்தார்.

கடிதத்தில் மூன்று கேள்விகள். முதல் மனைவி எங்கே இருக்கிறார், காணாமல் போனாரா, விவாகரத்து ஆனதா, அதற்கான ஆவணம் என்ன என்பது ஒன்று. மனுவில் குறிப்பிட்டிருக்கும் சகோதரியின் குழந்தையைத் தத்து எடுத்ததற்குப் பத்திரம் உண்டா என்பது இரண்டாவது. பேங்க் விண்ணப்பத்தை நிராகரித்ததாகச் சொல்லப்பட்டிருப்பதால் அந்த நிராகரிப்புக் கடிதத்தின் நகல் தேவை என்பது மூன்றாவது. அந்த அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. “நான் யாரையும் தத்து எடுக்கலையே சாமி, என் கூடப்பிறந்தவ யாரும் கிடையாதே” என்றார்.

தமிழ் மனுவை வாங்கிப் பார்த்தேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர் ஒருவர் எழுதியது, இரண்டு பக்கம், பத்தி பிரிக்காமல் ஒரே ஓட்டம். சிக்கலான வரிகள் இவை:

“எங்கள் வீட்டுக்காரரின் மூத்த தாரம் தவறிப்போன பிறகு ஆனி மாதம் என்னை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தது அக்கா பிள்ளை, அதையும் நான்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தேன். பேங்கில் கேட்டதற்கு உன் பேர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.”

தமிழ் தெரிந்த யாருக்கும் இதில் குழப்பமே வராது. முதல் மனைவி இறந்துவிட்டார், அதன்பின் இவரைத் திருமணம் செய்தார், மூன்று பிள்ளைகளில் மூத்தது முதல் மனைவிக்குப் பிறந்தது. இரண்டாவதாக வந்தவர் மூத்தவரை ‘அக்கா’ என்று சொல்வது நம் பக்கத்து மரியாதை, முகம் பார்த்திராத, செத்துப்போன மூத்தாளைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஆக்கியவர் உறவுக்காரப் பையன், நன்றாகப் படித்தவன், அவன் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘தவறிப்போன’ என்பதை ‘வாஸ் லாஸ்ட்’ என்று போட்டான், ‘இரண்டாம் தாரம்’ ‘செகண்ட் வைஃப்’ ஆனது, ‘அக்கா பிள்ளை’ ‘மை சிஸ்டர்ஸ் சைல்ட்’ ஆனது, ‘சொல்லி அனுப்பிவிட்டார்கள்’ என்பது ‘பேங்க் ரிஜெக்டட் மை கிளெய்ம்’ ஆனது. (‘எங்கள் வீட்டுக்காரர்’ என்பதை ‘அவர் ஹவுஸ் ஓனர்’ என்று போடாமல் விட்டானே, அதையும் நான் வேறு மனுக்களில் பார்த்திருக்கிறேன்.)

இப்போது அதே நான்கு வரிகளை ரெக்கார்ட் ஆபீஸில் இருப்பவர் கண்ணால் படித்துப் பாருங்கள். மூத்த மனைவி தொலைந்துபோனார், ஆகவே உயிரோடு இருக்கலாம். உயிரோடு இருக்கும்போதே இவர் இரண்டாவது மனைவி. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, துணை உயிரோடு இருக்க இன்னொரு திருமணம் செய்தால் அது செல்லாது, அப்படி வந்தவருக்கு மனைவி என்ற முறையில் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. காணாமல்போனவர் என்றால் ஏழு வருடக் கணக்கு, காவல்துறைச் சான்று என்று வேறொரு பாதையில் கோப்பு போகும். அதனால் அந்தக் கேள்விக் கடிதத்தில் ஒரு தவறும் இல்லை, எழுத்தர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

பிள்ளை விஷயம் இன்னும் நுணுக்கமானது. இறந்துபோன முதல் மனைவிக்குப் பிறந்த தகுதியுள்ள பிள்ளை இருந்தால், குடும்ப ஓய்வூதியத்தில் அந்தத் தாய்க்குரிய பங்கு அந்தப் பிள்ளைக்குப் போகவேண்டும் என்பது விதி. இந்த மகள் பிறந்தது 1974ல், இருபத்தைந்து வயதை எப்போதோ தாண்டி, கல்யாணமும் ஆகிவிட்டதால் அவருக்குப் பங்கு வராது. ஆனால் பங்கு வராது என்று முடிவு செய்யவேண்டியது அலுவலகம். ‘சிஸ்டர்ஸ் சைல்ட்’ என்று எழுதியதில், கணவரின் சொந்த மகள் ஒருவர் ஆங்கிலப் பிரதியிலிருந்தே காணாமல் போய்விட்டார். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிலோ அவர் பெயருக்கு எதிரே ‘மகள்’ என்று இருக்கிறது. மனு ஒன்று சொல்ல, இணைப்பு வேறொன்று சொன்னால், மறைக்கிறார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

இந்த மாதிரிப் பிழைகளை மொழிபெயர்த்து முடித்தபின் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் ஆங்கிலம் தன் அளவில் சரியாகவே படிக்க வரும். நான் செய்வது, ஒரு வரிகூட ஆங்கிலத்தில் எழுதுமுன் ஒரு வெள்ளைத்தாளில் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொள்வது. இந்த மனுவுக்கு இப்படி வந்தது: 1964 பணியில் சேர்ந்தது, 1974 மகள் பிறப்பு, 1976 முதல் மனைவி இறப்பு, 1978 திருமணம், 1980 மகன், 1981 ஓய்வு, 1983 இரண்டாவது மகன், 2017 கணவர் இறப்பு. எழுதிப் பார்த்தவுடனே தெரிகிறது, 1978ல் கல்யாணம் ஆனவருக்கு 1974ல் பிள்ளை இருக்க முடியாது, அப்படியானால் அந்த ‘அக்கா’ யார் என்ற கேள்வி தானாக வருகிறது. இன்னொன்றும் தெரிகிறது. திருமணம் நடந்தது கணவர் பணியில் இருந்தபோது. பணியில் இருப்பவர் கல்யாணம் ஆனால் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும், அதைப் பகுதி இரண்டு ஆணை என்று வெளியிட்டுப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். இவர் தெரிவிக்கவில்லை அல்லது தெரிவித்தும் ஏறவில்லை. எதுவென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரியாததை இப்படித்தான் என்று நாம் எழுதவும் கூடாது, ‘பதிவேட்டில் ஏறவில்லை எனத் தெரிகிறது’ என்ற அளவோடு நின்றுகொள்ள வேண்டும்.

தமிழ் மனுவில் 1976ம் இல்லை, 1978ம் இல்லை, ‘ஆனி மாதம்’ மட்டும்தான் இருந்தது. ஆனி என்பது ஜூன் பாதியில் தொடங்கி ஜூலை பாதிவரை ஓடும். அதை வசதிக்கு ‘ஜூன்’ என்று போட்டுவிடுகிறவர்கள் நிறைய. அப்புறம் வேறொரு ஆவணத்தில் ஜூலை என்று வந்தால் இரண்டு தேதி ஆகிவிடும். சான்று ஏதும் இல்லையென்றால் ‘தமிழ் மாதமான ஆனியில், அதாவது ஜூன் நடுப்பகுதிக்கும் ஜூலை நடுப்பகுதிக்கும் இடையில்’ என்று அப்படியே எழுதுவதுதான் நேர்மை. இங்கே நல்லவேளையாகத் தகரப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகை கிடந்தது, காளயுக்தி வருடம் ஆனி மாதம் என்று போட்டு, பக்கத்திலேயே 2-7-1978 ஞாயிற்றுக்கிழமை என்று ஆங்கிலத் தேதியும் அச்சடித்திருந்தார்கள். 1978ல் ஜூலை 2 ஞாயிறுதானா என்று காலண்டரில் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கிழமை பொருந்துகிறதா என்று பார்ப்பது சின்ன வேலைதான், ஆனால் பழைய பத்திரிகையில் மங்கிப்போன 2, 7 எல்லாம் சரியாக வாசித்திருக்கிறோமா என்பதற்கு அதைவிட நல்ல சோதனை கிடையாது.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. இவ்வளவும் தெரிந்துவிட்டது, இதை ஆங்கிலத்தில் சேர்த்து எழுதிவிடலாமா? கூடாது. மனு அந்த அம்மாவுடையது, கைரேகை வைத்தது தமிழ்ப் பிரதியில். தமிழில் இல்லாத ஒரு தேதி ஆங்கிலத்தில் முளைத்தால், நாளைக்கு யாராவது இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது மொழிபெயர்ப்பு பொய் என்றாகும், அதற்குக் கீழே ‘மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று கையெழுத்துப் போட்டவரும் மாட்டிக்கொள்வார். அதனால் முதலில் தமிழ் மனுவைத் திருத்த வேண்டும். மனுதாரரை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டி, விட்டுப்போனதைக் கேட்டு, புதிய தமிழ் மனு எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, ரேகை வைத்து, அதற்கப்புறம்தான் ஆங்கிலம். அவசரக்காரர்களுக்கு இது பிடிக்காது, பழைய மனுதான் இருக்கிறதே என்பார்கள். பழைய மனுவைக் கிழிக்கவும் கூடாது, அது ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது. புதிய மனுவில் ‘முன்பு அனுப்பிய மனுவில் உள்ளதை விளக்கமாக இதில் சமர்ப்பிக்கிறேன்’ என்று ஒரு வரி வேண்டும்.

திருத்திய தமிழ் வரிகள் இப்படி வந்தன:

“என் கணவரின் முதல் மனைவி 1976ஆம் ஆண்டு அரசு மருத்துவமனையில் இறந்துவிட்டார். அதன் பின்னர் 2-7-1978 அன்று என் கணவர் என்னைத் திருமணம் செய்துகொண்டார். முதல் மனைவிக்குப் பிறந்த மகள் ஒருவர், எனக்குப் பிறந்த மகன்கள் இருவர், ஆக என் கணவருக்கு மூன்று பிள்ளைகள். மகளையும் நானே வளர்த்துத் திருமணம் செய்து கொடுத்தேன்.”

‘அக்கா’ போனதில் அந்த அம்மாவுக்கு மனசில்லை. “அவளை முதல் சம்சாரம்னு சொல்றது என்னமோ மாதிரி இருக்கு” என்றார். அது நியாயம்தான். அதனால் தமிழ்ப் பிரதியில் ‘நான் அக்கா என்று மதிக்கும் என் கணவரின் முதல் மனைவி’ என்று ஒரு இடத்தில் வைத்தோம். ஆங்கிலத்தில் அதை ‘ஹூம் ஐ ரிகார்ட் வித் ரெஸ்பெக்ட் அஸ் அன் எல்டர்’ என்று வைத்தேன், ‘சிஸ்டர்’ வரவில்லை, மரியாதை வந்துவிட்டது. ‘செகண்ட் வைஃப்’ என்ற சொல்லை ஆங்கிலப் பிரதியில் எங்குமே வைக்கவில்லை. முதல் மனைவி இன்ன தேதியில் இறந்தார், அதற்குப் பின் இன்ன தேதியில் திருமணம் நடந்தது என்று சம்பவங்களை நடந்த வரிசையில் சொல்லிவிட்டால் போதும், எண்ணிக்கை போடத் தேவையில்லை. இது மறைப்பது ஆகாது, எல்லாமே பக்கத்தில் இருக்கிறது. மருத்துவமனையில் நடந்த இறப்பு என்பதால் பதிவு இருந்தது, இறப்புச் சான்றும் எடுக்க முடிந்தது. அதில் உள்ள முழுத் தேதியையே பிறகு தமிழ், ஆங்கிலம் இரண்டு பிரதியிலும் எழுதினோம்.

பேங்க் வரிக்கு வருகிறேன். கவுண்டரில் யாரோ வாயால் சொன்னது அது. எழுதிக் கொடுத்த விண்ணப்பமே கிடையாது. ‘ரிஜெக்டட்’ என்றால் ஒரு விண்ணப்பமும் ஒரு முடிவும் எழுத்தில் இருக்கவேண்டும், அதைத்தான் நகல் கேட்டார்கள். நான் போட்டது ‘ஐ வாஸ் ஓரலி இன்ஃபார்ம்ட் அட் தி பிராஞ்ச் தட் மை நேம் வாஸ் நாட் அவைலபிள் இன் தி ரெக்கார்ட்ஸ்’. யார் சொன்னார் என்று தமிழில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. தமிழில் ‘சொன்னார்கள்’, ‘அனுப்பிவிட்டார்கள்’, ‘மாற்றிவிட்டார்கள்’ என்று ஆளைச் சொல்லாமலே எழுதிவிடலாம், ஆங்கிலத்துக்குப் போகும்போது வாக்கியத்துக்கு ஒரு எழுவாய் வேண்டுமே என்று ‘மேனேஜர்’, ‘அத்தாரிட்டீஸ்’ என்று நாமே ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவோம். விசாரணை வந்தால், மனுதாரர் சொல்லாத ஒருவர் மேல் புகார் சொன்னதாக ஆகிவிடும்.

சரி, மரியாதை. பழைய தமிழ் மனுவின் முடிவு இப்படி: “எனக்கு வேறு கதி இல்லை, தாங்கள் தாயுள்ளத்தோடு பரிசீலித்து இந்த ஏழை விதவைக்கு உடனடியாக ஆவன செய்யும்படி தங்கள் பாதம் பணிந்து கண்ணீருடன் கேட்டுக்கொள்கிறேன்.” இதைப் படித்ததும் இரண்டு விதமாகக் கெடுக்கலாம். ஒன்று, பாதம், கண்ணீர், தாயுள்ளம் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோவது. ஆங்கில மனு படித்துப் பழகியவருக்கு அது நாடகம் மாதிரி இருக்கும், மனுதாரரின் கௌரவமும் குறையும். தமிழில் அது மனு எழுதும் மரபு, யாரும் நிஜமாகக் காலில் விழுவதில்லை என்று நமக்குத் தெரியும், அங்கே இருப்பவருக்குத் தெரியாது. இன்னொன்று, எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ‘பிளீஸ் டேக் இம்மீடியட் ஆக்ஷன்’ என்று முடிப்பது. உறவுக்காரப் பையன் செய்தது அதுதான். தமிழில் ‘உடனடியாக’ என்ற சொல்லின் சூட்டை ‘கேட்டுக்கொள்கிறேன்’ தணித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த நான்கு சொல் மேலதிகாரி கீழே இருப்பவருக்குப் போடும் குறிப்பு மாதிரி ஒலிக்கும்.

நான் பார்ப்பது, அந்த வாக்கியத்தில் உண்மை எது, வணக்கம் எது என்று. ‘வேறு கதி இல்லை’ என்பது ஒரு உண்மை, ஆனால் மொட்டையாக இருக்கிறது. விசாரித்ததில், கண்புரை வந்து கூலி வேலைக்குப் போகமுடியவில்லை, வேறு வருமானம் இல்லை, இளைய மகன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. அதைத் தமிழ் மனுவில் தனி வரியாகச் சேர்த்து, ஆங்கிலத்திலும் தனி வரியாக வைத்தேன். இரக்கம் வரவேண்டியது அந்த வரியில்தான். பாதத்துக்கும் கண்ணீருக்கும் பதிலாக, தொடக்கத்தில் ஒரு ‘ஐ மோஸ்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி சப்மிட்’, வேண்டுகோளில் ஒரு ‘மே கைண்ட்லி பி’, முடிவில் ஒரு நன்றி. மூன்று இடம் போதும், வரிக்கு வரி ‘கைண்ட்லி’ போட்டால் அதன் மதிப்பே போய்விடும். மனு முழுக்க ‘தாங்கள்’ வந்ததே, அதை என்ன செய்வது என்றால், ஆங்கிலத்தில் அதிகாரியை நேரடியாக ‘யூ’ என்று கூப்பிடும் வாக்கியங்களை முடிந்தவரை குறைத்து, அலுவலகத்தைக் குறித்து ‘யுவர் குட் ஆபீஸ்’ என்று எழுதினால் அந்தத் தூரம் கிடைத்துவிடும். கொஞ்சம் பழைய பாணிதான், ஆனால் இந்த அலுவலகங்களில் இன்னும் நடக்கிறது. அப்புறம், மரியாதைப் பன்மையில் கவனம் வேண்டும். ‘கட்டிக்கொண்டார்கள்’ என்பது கணவர் ஒருவர்தான், அதை ‘தே’ என்று போட்டுவிட்டால் மனுவில் இன்னொரு கூட்டம் நுழைந்துவிடும்.

‘ஆவன செய்யும்படி’ என்பதற்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடுவது ‘டு தி நீட்ஃபுல்’. எனக்கு அது பிடிக்காது, காரணம் ரசனை இல்லை. என்ன செய்யவேண்டும் என்று அதில் ஒன்றுமே இல்லை. ரெக்கார்ட் ஆபீஸால் நேரடியாகப் பணம் கொடுக்க முடியாது, அவர்களால் முடிந்தது பதிவேட்டில் பெயரைச் சேர்ப்பதும் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் பரிந்துரைப்பதும்தான். ஆகவே தமிழ் மனுவிலேயே வேண்டுகோளை இரண்டாகப் பிரித்தோம்: என் பெயரை மனைவி என்று பணிப் பதிவேட்டில் சேர்க்கவேண்டும், குடும்ப ஓய்வூதியம் வழங்க உரிய அலுவலகத்துக்குப் பரிந்துரை செய்யவேண்டும். ஆங்கிலமும் அதே இரண்டு.

பெயர்களை நான் ஒலி பார்த்து எழுதுவதே இல்லை. கணவர் பெயர், பணி எண், பதவி மூன்றும் டிஸ்சார்ஜ் புக்கில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில், நமக்குத் தப்பாகத் தெரிந்தாலும். அந்த அம்மாவின் பெயர் ஆதாரில் உள்ளபடி. பேங்க் புத்தகத்தில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு வரி சேர்த்தோம்.

மேல்முகவரி ‘தி ஆபீசர் இன் சார்ஜ்’ என்று ரெக்கார்ட் ஆபீஸுக்கு, அதன் கீழே முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் வழியாக என்று ஒரு வரி. பொருள் வரியில் பணி எண், பதவி, கணவர் பெயர், பிறகு ‘குடும்ப ஓய்வூதியம் கோருதல்’. அவர்களுடைய கேள்விக் கடிதத்தின் எண்ணும் தேதியும் பார்வையில் கட்டாயம் வரவேண்டும், இல்லாவிட்டால் புது மனு என்று தனிக் கோப்பு திறந்துவிடுவார்கள். இணைப்புகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரிசை எண்ணில். தமிழில் உள்ள வாரிசுச் சான்றுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் தனித்தனியாக மொழிபெயர்ப்பு வைத்தோம். கைரேகைக்குக் கீழே, மனு தமிழில் படித்துக் காட்டப்பட்டு மனுதாரர் சரியென ஒப்புக்கொண்டார் என்ற குறிப்பு. ஆங்கிலப் பிரதியின் அடியில் என் கையெழுத்து, தமிழ் மூலம் இணைக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்போடு.

அடுத்து வந்த கடிதத்தில் முதல் மனைவி பற்றியோ தத்து பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. இந்தத் திருமணம் ஏன் அப்போதே தெரிவிக்கப்படவில்லை என்பதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரமும், திருமணத்தை அறிந்த இரண்டு பேரின் வாக்குமூலமும் கேட்டிருந்தார்கள். அது மொழிபெயர்ப்பால் தீருகிற விஷயம் இல்லை, பதிவேட்டில் நிஜமாகவே உள்ள ஓட்டை, அதற்கு ஆவணம்தான் பதில். கல்யாணத்தைப் பார்த்த ஆட்களில் ஊரில் இன்னும் இருப்பவர்கள் யார் என்று அந்த அம்மா யோசிக்க, கணவரின் பங்காளி ஒருவரும் எதிர்வீட்டுப் பெரியவரும் வர ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதையும் முதலில் தமிழில் எழுதித்தான் கையெழுத்து வாங்கினோம்.